முப்பத்தாறு குழாய் வானம்

நண்பன் வீட்டு மொட்டை மாடியில் வடக்கே ஒரு இரும்புக் கம்பத்துக்கும் தெற்கே ஒரு கம்பத்துக்கும் நடுவில் கொடிக்கயிறு கட்டியிருப்பார்கள். பகலில் அதில் வேட்டியும் போர்வையும் காயும். 1998 ஜனவரி கடைசியில், தை அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், அந்தக் கயிறு எங்களுக்கு எல்லைக்கோடாக ஆனது. கயிற்றுக்குக் கிழக்கே உள்ள நட்சத்திரமெல்லாம் என் கணக்கு, மேற்கே உள்ளதெல்லாம் அவன் கணக்கு. ஒரே பாயில், ஒரே தலையணையில், இரண்டு பேர் தலையும் கயிற்றுக்கு நேர் கீழே இருக்கும்படி மல்லாந்து படுத்தோம்.

அவன் ஊர் திருப்பத்தூர் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரம். அதே மலைமேல்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் அங்கே திறக்கப்பட்டது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு மலைக்காட்டுக்குள் இருட்டு நன்றாக இருந்ததும் ஒரு காரணம். அடிவாரத்து ஊருக்கும் அந்த இருட்டில் ஒரு பங்கு கிடைத்தது. தெருவுக்கு இரண்டு ட்யூப்லைட், அதிலும் ஒன்று எரியாது.

நாங்கள் +2 படித்துக்கொண்டிருந்தோம். மாடியில் உட்கார்ந்து படிக்கிறோம் என்றுதான் வீட்டில் பேச்சு. கரண்ட் போனதும் புத்தகத்தை மூடிவிட்டு மேலே பார்த்தேன். "இதை எண்ண முடியாதுடா" என்று சும்மாதான் சொன்னேன். அவன் அதைச் சும்மா விடவில்லை.

"எண்ண முடியாதுன்னு சொல்றாங்களே, யாராவது உக்காந்து எண்ணிப் பாத்தாங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவன் கீழே போய் ஒரு சொம்பு நிறையப் புளியங்கொட்டையும் இரண்டு டம்ளரும் எடுத்து வந்தான். பத்து நட்சத்திரத்துக்கு ஒரு கொட்டை. விளக்கு ஏற்றி எழுதக் கூடாது, எழுதினால் கண் கெட்டுவிடும் என்று அவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கையைச் சொம்புக்குள் விட்டுத் தடவி ஒன்றை எடுத்து டம்ளரில் போட்டால் 'டிங்' என்று சத்தம் வரும். இரண்டாவது கொட்டையிலிருந்து அந்தச் சத்தம் மாறிப்போகும், கொட்டை மேல் கொட்டை விழும் சத்தம்.

எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். தலைக்கு நேர் மேலே, கொஞ்சம் வடக்கே தள்ளி, கார்த்திகைக் கூட்டம் இருந்தது. அது கயிற்றைத் தாண்டி அவன் பக்கம் போயிருந்தது. அதற்குக் கிழக்கே, என் பக்கம், செம்மஞ்சளாக ரோகிணி. நான் ரோகிணியில் தொடங்கினேன். அவன் கார்த்திகையில் தொடங்கினான், தொடங்கிய இடத்திலேயே சண்டை வந்தது.

"ஏழு" என்றான்.

"கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர்டா. அறுமீன்னுதான் பழைய பாட்டிலேயே வருது."

"பாட்டுல என்ன வருதோ தெரியாது. கிழக்குக் கோடியில ஒண்ணு இருக்குல்ல, அதோட ஒட்டிக்கிட்டு இன்னொண்ணு இருக்கு. பொடிசா."

எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்கு ஆறுதான் தெரிந்தது. அவன் பந்தாவுக்காக ஒன்றைக் கூட்டிச் சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் கணக்கில் அவன் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

உற்றுப் பார்ப்பதில்தான் முதல் சிக்கல் இருக்கிறது. வெளிச்சமான நட்சத்திரங்களை எண்ணுவது சுலபம். மங்கலான ஒன்றை நேராகப் பார்த்தால் காணாமல் போகும். பக்கத்தில் வேறு எதையாவது பார்த்தால் ஓரக்கண்ணில் திரும்ப வந்து நிற்கும். கண்ணின் நடு மையத்தில் பகல் வெளிச்சத்துக்கான கூம்பு செல்கள் மட்டுமே இருக்கின்றன. இருட்டில் வேலை செய்யும் குச்சி செல்கள் அதைச் சுற்றித்தான் இருக்கின்றன. அதனால் மங்கல் நட்சத்திரத்தை ஓரக்கண்ணால்தான் பிடிக்க வேண்டும். அன்று இந்தக் காரணமெல்லாம் தெரியாது. அவன் அவற்றுக்கு 'வெக்கப்படுற நட்சத்திரம்' என்று பெயர் வைத்தான். வெக்கப்படுவதை எண்ணுவதா வேண்டாமா என்று பேசி, இரண்டு தடவை தெரிந்தால் எண்ணலாம் என்று ஒரு சட்டம் போட்டோம்.

மேற்கே சற்றும் சிமிட்டாமல் ஒன்று நின்றது. அது சனி கிரகம், எண்ணக் கூடாது என்றேன். ஒத்துக்கொண்டான்.

என் டம்ளரில் பதினாறோ பதினேழோ கொட்டை விழுந்திருக்கும். ரோகிணியை அடையாளமாக வைத்து, அதற்குக் கிழக்கே வரிசையாகப் போய்க்கொண்டிருந்தேன். அப்போது பக்கத்திலிருந்து அவன் குரல்: "இந்தா, செவப்பா ஒரு பெருசு. எப்படி இதை விட்டேன்?" டிங்.

திரும்பிக் கயிற்றைப் பார்த்தேன். ரோகிணி கயிற்றைத் தொட்டு, தாண்டி, அவன் பக்கம் போயிருந்தது. நான் எண்ணி முடித்த நட்சத்திரத்தை அவன் இப்போது எண்ணுகிறான்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பூமி சுற்றுகிறது என்று ஐந்தாம் வகுப்பிலிருந்து படித்ததுதான். ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை என்று பரீட்சையிலும் எழுதியிருக்கிறோம். ஆனால் ஒரு கொடிக்கயிற்றைத் தாண்டி ரோகிணி போவதைப் பார்த்தபோதுதான் அது எங்கள் பாய், தலையணை, டம்ளர் எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றுகிறது என்று உடம்புக்குத் தெரிந்தது. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 பாகை. அப்படியென்றால் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை முஷ்டி அகல வானம் என் பக்கத்திலிருந்து அவன் பக்கம் நகர்கிறது. கிழக்கே புதிதாக முளைக்கிறது, மேற்கே அவன் எண்ணியது மறைகிறது. எல்லைக்கோடு நின்ற இடத்தில் நிற்கிறது, நிலம்தான் நழுவுகிறது. ஒவ்வொன்றாக எண்ணுகிறவனுக்கு இதிலிருந்து தப்பிக்க வழியில்லை. மெதுவாக எண்ணினால் வானம் மாறிவிடும், வேகமாக எண்ணினால் வெக்கப்படுவதெல்லாம் விட்டுப்போகும்.

அதற்குள் அவன் அம்மா பால் எடுத்துக்கொண்டு மேலே வந்தார். கையில் டார்ச். "இருட்டுல என்னடா பண்றீங்க" என்று எங்கள் முகத்துக்கே அடித்தார். அவ்வளவுதான். டார்ச்சை அணைத்த பிறகு மேலே பார்த்தால் பாதி வானத்தைக் காணோம். இருட்டுக்குக் கண் பழக 20 நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் ஆகும். குச்சி செல்களில் ஒளியை உணரும் நிறமிப்பொருள் மெதுவாகச் சேர வேண்டும். டார்ச் வெளிச்சம் பட்டால் சேர்ந்தது நொடியில் கலைந்துவிடும். டம்ளர்களைக் கொட்டி எண்ணினோம். என்னுடையது 43 கொட்டை, அவனுடையது 37. மொத்தம் 800. அதில் எத்தனை இரண்டு முறை எண்ணப்பட்டவை, எத்தனை விட்டுப்போனவை என்று எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த எண்ணுக்கு ஒரு மதிப்பும் இல்லை.

மறுநாள் பள்ளியில் அவன் பாடத்தைக் கவனிக்கவே இல்லை. சாயங்காலம் வரும்போது கையில் ஒரு சார்ட் பேப்பர் இருந்தது.

"வயல்ல நெல்லை எப்படிடா கணக்குப் போடறாங்க? ஒவ்வொரு கதிரையுமா எண்றாங்க? ஒரு சின்னக் கட்டம் போட்டு அதுல எண்ணிப் பெருக்குவாங்க."

பேப்பரைச் சுருட்டிக் குழாய் செய்தோம். நீளம் 30 செ.மீ., ஒரு அடி ஸ்கேல் அளவு. வாய் அகலம் 5 செ.மீ. கண்ணை ஒரு முனையில் வைத்து, மறு முனை வழியாகத் தெரிகிற வட்டத்துக்குள் இருப்பதை மட்டும் எண்ண வேண்டும். ஒரு வட்டத்துக்குள் ஏழெட்டு நட்சத்திரம்தான் வரும். பத்து விநாடியில் எண்ணிவிடலாம், அதற்குள் வானம் எங்கேயும் போய்விடாது.

இப்போது முழு வானம் எத்தனை குழாய் என்று தெரிந்தால் போதும். அதற்கு +2 கணக்கே அதிகம். கண்ணை மையமாக வைத்து 30 செ.மீ. ஆரத்தில் ஒரு பெரிய கிண்ணத்தைக் கவிழ்த்தது போல் நினைத்துக்கொண்டோம். அந்தக் கிண்ணத்தின் பரப்பு 2 × π × 30 × 30. குழாயின் வாய் அதில் ஒட்டிய ஒரு வட்டம், பரப்பு π × 2.5 × 2.5. வகுத்தால் π அடிபட்டுப்போகும். மேலே 1,800, கீழே 6.25. விடை 288. ஆக, 288 குழாய் சேர்ந்தால் ஒரு வானம். 36 இடங்களில் பார்த்து, கிடைத்த மொத்தத்தை 8-ஆல் பெருக்கினால் முடிந்தது. 288 இப்படிச் சரியாக வகுபட்டதில் அவனுக்கு இருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அன்றும் மேகமில்லை. முதலில் மல்லாந்து படுத்தபடியே பத்து இடம் பார்த்தோம். 92 வந்தது. குழாய்க்கு 9.2 என்றால் முழு வானத்துக்கு 2,650. ஆஹா என்று எழுந்து உட்கார்ந்தோம். உட்கார்ந்த வாக்கில் அவன் குழாயைக் கீழே இறக்கி, தெற்கே தொடுவானத்துக்கு மேல் ஒரு முஷ்டி உயரத்தில் வைத்துப் பார்த்தான். மூன்று. மேற்கே இரண்டு. கிழக்கே மலை மறைத்த இடத்தில் சுழி.

இந்தத் தவறு யாருக்கும் வரும் என்று பிறகு பல பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது பார்த்திருக்கிறேன். வானம் என்றாலே நாம் தலைக்கு மேலே இருப்பதைத்தான் நினைக்கிறோம். ஆனால் பரப்பைக் கணக்குப் போட்டால், வானத்தின் சரிபாதி தொடுவானத்திலிருந்து 30 பாகை உயரத்துக்குள்ளேயே, அதாவது மூன்று முஷ்டிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஒரு பூசணிக்காயின் பாதியைக் கவிழ்த்து வைத்து, உயரத்தில் சரிபாதியில் படுக்கையாக வெட்டினால், மேல் துண்டின் தோலும் கீழ் வளையத்தின் தோலும் ஒரே அளவு. அந்த வெட்டு விழுகிற இடம்தான் 30 பாகை. அந்தக் கீழ்ப்பாதியில் நட்சத்திர ஒளி நீண்ட தூரம் காற்றையும் தூசியையும் கடந்து வருகிறது, மங்கலானவை வழியிலேயே அவிந்துபோகின்றன. உச்சியை மட்டும் பார்த்துப் பெருக்கினால் எண்ணிக்கை பொய்யாகப் பெருகும்.

அதனால் புதிதாகத் தொடங்கினோம். மூன்று முஷ்டிக்குக் கீழே சுற்றிலும் 18 இடம், அதற்கு மேலே 18 இடம். மலைமேல் குழாய் விழுந்தால் சுழி என்றே போட்டுக்கொள்வது. இந்த மாடியிலிருந்து தெரிவதைத்தானே எண்ணுகிறோம். இன்னொரு சட்டமும் அவன்தான் போட்டான். கண்ணை மூடிக்கொண்டு குழாயைத் திருப்ப வேண்டும், நிறுத்திய பிறகுதான் கண்ணைத் திறக்க வேண்டும். திறந்த கண்ணோடு திருப்பினால் கை தானாகவே திருவாதிரை பக்கமும் அந்த மூன்று நட்சத்திர வரிசை பக்கமும் போய்விடும். அழகான இடத்தைத் தேடும் கை, வெறும் இடத்தை ஒதுக்கிவிடும். வெறும் இடமும் வானம்தான்.

ஒருவன் பார்ப்பது, மற்றவன் அதே இடத்தைத் திரும்பப் பார்ப்பது. எனக்கு 7 என்றால் அவனுக்கு 9 இருக்கும். எப்போதும் அவனுக்கு ஒன்றிரண்டு கூடுதல். கடைசியில் அவன் எண்ணிக்கையையே எடுத்துக்கொள்ள முடிவு செய்தோம். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு கொட்டை. முடித்துவிட்டுக் கீழே போய் விளக்கில் கொட்டினோம். மேல்பாதி டம்ளரில் 151. கீழ்ப்பாதி டம்ளரில் 63. மொத்தம் 214. எட்டால் பெருக்கினால் 1,712.

கண்ணை மூடித் திருப்புவதில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. 214 வந்த இடத்தில் 200 வந்திருக்கலாம், 229-உம் வந்திருக்கலாம். அதை எட்டால் பெருக்கும்போது மேலும் கீழும் 120 போல ஆடும். ஆக 1,600-க்கும் 1,830-க்கும் இடையில் ஏதோ ஒன்று. எண்ணவே முடியாது என்று நான் சொன்னது, எங்கள் ஊர்ச் சந்தைக்கு வருகிற கூட்டத்தைவிடக் கம்மி.

பின்னால் கல்லூரியில் யேல் பட்டியலைப் பற்றிப் படித்தேன். வெறும் கண்ணுக்குத் தெரியக்கூடிய நட்சத்திரங்களை எல்லாம் தொகுத்த பட்டியல் அது. அதில் 9,110 பதிவுகள். அது பூமியின் எல்லாப் பக்கத்து வானமும் சேர்ந்தது. ஒரு நேரத்தில் ஓர் இடத்திலிருந்து பாதிதான் தெரியும். அதிலும் தொடுவானத்தருகே பெரும்பகுதி அடிபடும், கடைசிப் படி மங்கலானவை மிகக் கறுத்த வானத்தில், மிகக் கூர்மையான கண்ணுக்கே கிடைக்கும். அதையெல்லாம் கழித்துப் பார்த்தால் ஒரு சார்ட் பேப்பரில் நாங்கள் எடுத்த 1,712 நல்ல எண்தான்.

அதே படிப்பில் இன்னொன்றும் தெரிந்தது. கார்த்திகையில் பிரகாசமான ஆறு நட்சத்திரங்களின் பொலிவு எண் 2.9-லிருந்து 4.3 வரை. எண் கூடக் கூட நட்சத்திரம் மங்கல். ஆறாவதுக்கு அடுத்து ஒரு இடைவெளி விட்டு, 5.1 போல ஏழாவது வருகிறது. அந்த இடைவெளியால்தான் நடுத்தரமான கண்ணுக்கும் நடுத்தரமான வானத்துக்கும் ஆறோடு கணக்கு நிற்கிறது. ஏழாவதின் பெயர் ப்ளையோனி. அது கூட்டத்தின் கிழக்குக் கோடியில் உள்ள அட்லஸ் என்ற நட்சத்திரத்தை ஒட்டி நிற்கிறது. படத்தில் அதைப் பார்த்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். அதற்குள் எனக்குக் கண்ணாடி வந்திருந்தது. கிட்டப்பார்வை. +2-விலேயே இருந்திருக்க வேண்டும், நான் கவனிக்கவில்லை. அதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து, சொல்லாமலே வருஷங்கள் போய்விட்டன.

நான் சென்னையில் தங்கிவிட்டேன். இங்கே என் மாடியில் குழாயே வேண்டாம். பொலிவில் ஒரு படி இழந்தால் நட்சத்திர எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடும். மூன்று படி இழந்தால் 27-இல் ஒன்று. ஒரு தை மாதம் நல்ல இரவு ஒன்றில், ஒவ்வொன்றாக விரல் நீட்டி எண்ணினேன். 66. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கார்த்திகையில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது, மற்றவை புகை போல ஒரு தடம். எண்ணி முடித்துவிட்டு அவனுக்குப் போன் செய்தேன்.

"அறுபத்தாறா? வாடா ஊருக்கு. குழாய் செஞ்சு வைக்கிறேன்" என்றான்.

போன தையில் போனேன். ஊரில் பஸ் நிற்கும் இடத்தில் உயரமான கோபுர விளக்கு வந்திருக்கிறது. தெருவெல்லாம் வெள்ளை எல்.இ.டி. திருப்பத்தூர் பக்கத்து வானம் அடியில் பால் ஊற்றியது போல் வெளுத்திருந்தது. அந்த விளக்குகள் மேல்பக்கம் மூடியில்லாமல் எரிகின்றன, வெளிச்சம் தூசியில் பட்டுத் திரும்பி வருகிறது. மூடி போட்டுத் தரையை மட்டும் பார்க்கவைத்தால் தெருவும் இருட்டாகாது, வானமும் இவ்வளவு போகாது. இதற்காக யாரும் மெனக்கெடவில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மாடியில் கொடிக்கயிறு மட்டும் நைலானாக மாறி அதே இடத்தில் இருந்தது.

30 செ.மீ. நீளம், 5 செ.மீ. வாய். அதே 36 இடம், அதே கண்மூடிச் சட்டம், அதே போல் அவன் எண்ணிக்கை. மேல்பாதி 84. கீழ்ப்பாதி 13. மொத்தம் 97. எட்டால் பெருக்கி 776.

"பாதிக்கு மேல போயிடுச்சு" என்றான். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "வானம் போச்சா, என் கண்ணு போச்சா?" என்றான்.

அது நான் யோசிக்காத கேள்வி. பதினேழு வயதில் இருட்டில் கண்மணி விரிகிற அளவுக்கு நாற்பத்தைந்தில் விரியாது. வில்லையும் பழுப்பேறத் தொடங்கிவிடும். 1998-இல் எண்ணிய கண் இப்போது எங்களிடம் இல்லை. இரண்டு இழப்பும் ஒரே எண்ணுக்குள் கலந்து கிடக்கிறது.

அவன் படிக்கட்டுப் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டான். அவளும் +2. போனை வைத்துவிட்டு வந்தாள். போன் வெளிச்சம் கண்ணிலிருந்து இறங்கட்டும் என்று அரை மணி நேரம் சும்மா உட்காரவைத்தான். அவள் அலுத்துக்கொண்டே உட்கார்ந்தாள். பிறகு குழாயை வாங்கி, கண்ணை மூடி, திருப்பி, திறந்து, எண்ணத் தொடங்கினாள். நானும் அவனும் டம்ளரில் கொட்டை போடும் வேலையை எடுத்துக்கொண்டோம்.

மேல்பாதி 109. கீழ்ப்பாதி 22. மொத்தம் 131, எட்டால் பெருக்கி 1,048.

கையில் மண்ணெடுத்துத் தரையில் கோடு போட்டுக் கணக்குச் சொன்னான். 1,712-லிருந்து 1,048 வரை போனது வானத்தோடது. 1,048-லிருந்து 776 வரை போனது எங்களோடது. கீழ்ப்பாதியில்தான் வானம் அதிகம் செத்திருந்தது, 63 இருந்த இடத்தில் 22. இது ஒரு இரவின் கணக்குதான், ஆட்டம் இருக்கும் என்று நான் சொன்னேன். ஆமாம் என்றான். ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டித் தாண்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மகள் குழாயைக் கீழே வைக்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டே, சட்டமெல்லாம் இல்லாமல், உச்சிக்குத் திருப்பினாள். மணி எட்டரை இருக்கும். ரோகிணி அப்போதுதான் கயிற்றைத் தாண்டியிருந்தது.

"இது என்னப்பா, கொத்தா இருக்கு?"

"கார்த்திகை. எத்தனை தெரியுது?" நான்தான் கேட்டேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

குழாயை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டாள். பார்வையைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி, திரும்பக் கொண்டுவந்து, மறுபடி தள்ளினாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

"ஆறு. இல்லை மாமா, இருங்க... அந்தக் கோடியில இருக்கறதோட ஒட்டிக்கிட்டு ஒண்ணு. பொடிசா. ஏழு."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அன்னைக்கு நீ சொன்னது சரிதான்டா" என்றேன்.